விலையை மட்டும் பெருக்கினால் தோப்பின் கணக்கு தவறும்

தில்லியில் வாழும் தமிழர் பலருக்கு ஊரில் ஒரு சிறு தென்னந்தோப்பு உண்டு. தந்தை வைத்த மரங்கள். இப்போது பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஆள். கடைத்தெருவில் தேங்காய் விலையைக் கேட்கும்போதெல்லாம் அவர்கள் மனத்தில் ஒரு பெருக்கல் ஓடுகிறது. மயூர் விஹாரில் வசிக்கும் நண்பர் ஒருவர் அந்தப் பெருக்கலைச் சென்ற ஆண்டு தாளில் எழுதியே காட்டினார். ஆனைமலைப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர், 70 மரங்கள். மரத்துக்கு 150 காய், காய்க்கு 25 ரூபாய். ஆக, ஆண்டுக்கு 2,62,500 ரூபாய். செலவு 50,000 போனாலும் மீதியைக் கொண்டு ஒரு கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். தோப்பைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து ஓராண்டுக் கணக்கை வரவழைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த எண்ணம் ஏன் தவறு என்பது அப்போதுதான் விளங்கியது.

முதலில் வரவைப் பார்ப்போம். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும் என்பது சரியே. ஆனால் நிற்கும் மரமெல்லாம் காய்க்கும் மரமன்று. அப்பகுதியில் பரவிய வேர்வாடல் நோயால் நண்பரின் தோப்பில் ஆறு மரங்களை வெட்ட நேர்ந்தது. அவற்றின் இடத்தில் நிற்கும் நெட்டை ரகக் கன்றுகள் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எஞ்சிய 64 மரங்கள் சராசரியாக நூறு காய் வீதம் 6,400 காய் தந்தன. அவற்றுள் சிலந்திப்பேன் தாக்கிச் சிறுத்த காய்கள் 400. வீட்டுக்கும் கோயிலுக்கும் போனவை நூறு. விற்பனைக்கு நின்றவை 5,900.

இங்கேதான் தில்லியில் இருப்பவர் அறியாத ஒரு கழிவு வருகிறது. எண்ணிக்கைக்கு மேல் வியாபாரி இலவசமாகப் பெறும் ‘லாபக்காய்’ அது. அதன் அளவு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். நூறு காய்க்கு விலை தந்து 110 காய் எடுத்துக்கொள்வதாக நண்பரின் வியாபாரியோடு பேச்சு. ஆகவே 5,900 காய் கொடுத்தால் ஏறத்தாழ 5,360 காய்க்கே பணம் வரும். பெருக்கலில் இருந்த 10,500 காய் பாதியாகிவிட்டது.

அடுத்து விலை. கடையில் கேட்கும் விலையையோ, நல்ல ஆண்டொன்றின் விலையையோ அடிப்படையாகக் கொள்ளலாகாது. மத்திய அரசு 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழு காய் என்று கொண்டால் காய்க்கு 16 ரூபாய் 50 காசு. உரிக்கவும் உலர்த்தவும் ஆகும் கூலியைக் கழித்தால் 15 ரூபாய் என்பது நிதானமான மதிப்பு. ஆதரவு விலைக்கும் கீழே சந்தை இறங்கிய ஆண்டுகள் உண்டு, 2023 அத்தகையதே. ஆதலால் 15 ரூபாயையும் உறுதி என்று எண்ணிவிடக்கூடாது. அந்த விலையில் 80,400 ரூபாயும், சிறு காய்க்கு 2,000 ரூபாயும் சேர்த்து வரவு 82,400 ரூபாய்.

இனிச் செலவு. காய் வெட்டு 45 நாளுக்கு ஒரு முறை, ஆண்டுக்கு எட்டுச் சுற்று. மரமேறுபவருக்கு மரத்துக்கு 25 ரூபாய் வீதம் 12,800 ரூபாய். இந்தக் கூலி மரத்துக்கே தவிரக் காய்க்கு அன்று. கோடைச் சுற்றில் ஒரு மரம் 20 காய் தந்தால் காய்க்குக் கூலி ஒன்றேகால் ரூபாய். ஆண்டின் இறுதியில் வரும் மெலிந்த சுற்றில் ஐந்தே காய் என்றால் அதே கூலி காய்க்கு 5 ரூபாய். மெலிந்த காலத்தில் இடைவெளியை 60 நாளாக்கினால் கூலி மிச்சமாகும். ஆனால் முற்றிய காய் தானே விழுந்து காணாமற்போகும். தோப்பில் ஆள் தங்கியிருந்தால் மட்டுமே அது ஆதாயம்.

எரு, உரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையையே எடுத்துக்கொண்டோம். மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். இரண்டு தவணையாக, பாத்தி எடுத்து இட வேண்டும். ஆட்கூலி உட்பட மரத்துக்கு 420 ரூபாய்; 64 மரங்களுக்கு 26,880 ரூபாய்.

நீர்ப்பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசம். அதனால் பலர் இந்த இனத்தைச் சுழியம் என்றே எழுதுகின்றனர். உண்மையில் தண்ணீர் பாய்ச்சுபவருக்கு மாதம் 1,500 ரூபாய். மோட்டார் பழுதுக்கும் எலி கடித்த சொட்டுநீர்க் குழாய்க்குமாக ஆண்டுக்கு 8,000 ரூபாய். ஆக 26,000 ரூபாய். காய் பொறுக்கிக் குவிக்கவும், வண்டியேற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகவும் காய்க்கு ஒரு ரூபாய் வீதம் 6,300 ரூபாய். வியாபாரியே தோப்புக்கு வந்து எடுத்தால் இந்தச் செலவு குறையும். ஆனால் அவர் தரும் விலையும் அதற்கேற்பக் குறையும். உழவு, களை, காண்டாமிருக வண்டுப் பொறி ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய்.

மொத்தச் செலவு 76,980 ரூபாய். மீதி 5,420 ரூபாய். இரண்டு முறை தில்லியிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறி வந்து பார்த்துத் திரும்பினால் அதுவும் போயிற்று.

இந்தக் கணக்கில் நினைவிற் கொள்ளத்தக்க எண் ஒன்றே: 14 ரூபாய். காய்க்கு அந்த விலை கிடைத்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். விலை 25 ரூபாயானால் 59,000 ரூபாய் மிஞ்சும். 10 ரூபாயானால் 21,000 ரூபாய்க்கு மேல் கைப்பிடித்தம். காய்களின் எண்ணிக்கையும் கூலியும் ஓரளவு நிலையானவை. விலை ஒன்றே மிகுதியாக ஆடுகிறது. ஆகவே ஒரே விலையில் போடும் மதிப்பீட்டை மதிப்பீடு என்று நான் ஏற்பதில்லை. மூன்று விலைகளில் போட்டு, நடுவே சமநிலை விலையைக் குறித்துக்கொள்வதே முறை. தோப்பு வருவாயை நம்பிக் கடன் கேட்பவர் குறைந்த விலை ஆண்டிலும் தவணையைக் கட்ட வேறு வழி உண்டா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இழப்பு ஆண்டில் உரிமையாளர் முதலில் வெட்டுவது எருச் செலவைத்தான். மரமேறுபவர் கூலி கேட்பார். மோட்டார் நின்றால் தெரிந்துவிடும். மரம் மட்டும் வாய் திறப்பதில்லை. தென்னையின் பூங்குலை குருத்துக்குள் உருவாகத் தொடங்கி முற்றிய காயாக வெட்டப்படும்வரை மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. எனவே இவ்வாண்டு எரு இடாவிட்டாலும் அடுத்த ஆண்டுக் காய் பெரிதும் குறைவதில்லை. அதைக் கண்டு, எருவே வேண்டியதில்லை போலும் என்று உரிமையாளர் எண்ணுகிறார். பின்னர்க் குரும்பை உதிர்கிறது, காய் சிறுக்கிறது, மட்டைகள் குறைந்து தண்டின் நுனி மெலிகிறது. அப்போது எரு இட்டாலும் மரம் மீள அதே அளவு காலம் கேட்கும். இடையில் விலை ஏறினால் விற்கக் காய் இராது.

நண்பர் கடன் எண்ணத்தைக் கைவிட்டார். அதற்கு மாறாகத் தோப்புக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கொன்றைத் தொடங்கியிருக்கிறார். 14 ரூபாய்க்கு மேல் விற்கும் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியை அதில் போட்டு, 27,000 ரூபாய் சேரும்வரை எடுப்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அது ஏறத்தாழ ஓராண்டு எருவின் விலை.