மதில் எங்கே நிற்கிறது?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால், நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி வருகிறது. அந்த வீதியோரம் இரண்டு ஏக்கர் காணி உள்ள ஒருவர் அங்கே ஆங்கில மொழிமூலப் பாடசாலை ஒன்றைத் தொடங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போய்ச் சேரும் ஆலோசகர் முதல் வேலையாக ஒரு வரைபடம் போடுவார். கீழ் அச்சில் கட்டணம், நிமிர் அச்சில் வசதிகள். கொழும்பிலுள்ள தனியார் பாடசாலைகள் அதில் மூன்று நான்கு திரள்களாக விழும். நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். “இதுதான் உங்கள் இடம்” என்று விரல் அங்கே போகும்.

அந்த விரலைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதவேண்டியிருக்கிறது. வெற்றிடம் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒருவரும் இன்னும் போகவில்லை, அல்லது போக முடியவில்லை. வரைபடம் இரண்டையும் ஒரே மாதிரித்தான் காட்டும்.

ஒரே தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே விதமாகப் போட்டியிடுவதில்லை, கூட்டங்கூட்டமாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதை மைக்கேல் ஹன்ட் 1972இல் அமெரிக்க வீட்டுச் சாதனத் தொழிலை ஆராய்ந்தபோது காட்டினார். அந்தக் கூட்டங்களே மூலோபாயக் குழுக்கள். ஒரு குழுவிலிருந்து மற்றதற்குப் போக விடாமல் தடுப்பது எது என்ற கேள்வியை 1977இல் கேவ்ஸும் போர்ட்டரும் எழுப்பி, நகர்வுத் தடை என்று பெயரிட்டார்கள். நம்மிற் பலர் குழுவை வரைவதோடு நின்றுவிடுகிறோம். தடையைத் தேடுவதில்லை.

கட்டணமும் வசதியும் என்ற அச்சுகளிலேயே ஒரு சிக்கல் உண்டு. வசதி கூடக் கட்டணம் கூடும். ஆகவே புள்ளிகள் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குச் சாய்வாக ஒரு கோடாக விழும். இரண்டு அச்சு போட்டும் கிடைத்தது ஒரு தகவல்தான்: விலை கூடிய பாடசாலை, விலை குறைந்த பாடசாலை. இதைத் தவிர்க்க வசதிகளை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டாமல் பிரித்துப் பார்க்கவேண்டும். நீச்சல் தடாகம், குளிரூட்டிய வகுப்பறை, கணினி அறை ஆகியவை காசிருந்தால் ஓராண்டில் வந்துவிடும். ஒரு மாணவருக்கு எத்தனை சதுர மீற்றர் விளையாட்டுத் திடல் என்பதும், உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்பதும் அப்படி வருவதில்லை. பிந்திய இரண்டையும் அச்சில் வைத்தால் சாய்கோடு கலைந்து, புள்ளிகள் வேறு இடங்களில் போய் உட்காரும். கொழும்பில் பெரிய வீடொன்றை மாற்றியமைத்து நடக்கும் பாடசாலையும், கல்கிசைக் கடற்கரையில் பரந்த வளவில் இருக்கும் புனித தோமையர் கல்லூரியும் அங்கே ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

கட்டண அச்சிலும் கவனம் வேண்டும். தவணைக் கட்டணத்தை மட்டும் எடுத்துக் குறிப்பது பொதுவான தவறு. உதாரணத்துக்காக இரண்டு பாடசாலைகளைக் கற்பனை செய்வோம். முதலாவதில் அனுமதிக் கட்டணம் 3,00,000 ரூபாய், தவணைக்கு 60,000. இரண்டாவதில் அனுமதிக் கட்டணம் 20,000, தவணைக்கு 80,000. ஆண்டுக்கு மூன்று தவணை. பிள்ளை 13 ஆண்டும் அங்கேயே படித்தால் முதலாவதின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2,03,000, இரண்டாவதின் செலவு 2,41,500. தரம் 5 முடிந்ததும் பிள்ளையை எடுத்துவிட்டால் முதலாவது 2,40,000, இரண்டாவது 2,44,000. அதாவது, நெடுநாள் தங்குபவர்களுக்குத் தனித்தனியாகத் தெரியும் இரண்டு பாடசாலைகள், இடையில் விலகும் பெற்றோருக்கு ஏறத்தாழ ஒரே விலை. எந்தப் புள்ளியைக் குறிப்பது? பிள்ளைகள் சராசரியாக எத்தனை ஆண்டு தங்குகிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. முதற் பாடசாலையின் அனுமதிக் கட்டணம் பெற்றோரைக் கட்டிப்போடும் கயிறாகவும் வேலை செய்கிறது. அதைக் கட்டியவர் வேறிடம் போகப் பலமுறை யோசிப்பார்.

இப்போது அந்த வெற்றிடத்துக்கு வருவோம். இலங்கையில் தனியார் பாடசாலைகளின் வரைபடத்தைப் பிரிக்கும் மிகப் பெரிய மதில் கட்டணத்திலும் இல்லை, கட்டடத்திலும் இல்லை. அது 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமைத்துவம் அரசிடம் போனது. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தால் அவற்றின் சொத்துகளும் போயின. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை தொடங்க முடியாது என்ற தடையும் அதே சட்டத்தில் வந்தது. ஏற்கெனவே கட்டணத்தோடு நடந்தவையும், உதவியைக் கைவிட்டுத் தனித்து நின்றவையும் தப்பின. கல்கிசையில் புனித தோமையர், கொழும்பில் மகளிர் கல்லூரி, பிஷப் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் பரியோவான், சுண்டுக்குளி, யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் அந்தக் குழு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படியும் அரசிடம் போனதும், பரியோவான் போகாததும் பெற்றோர் கேட்ட விலையாலோ திடலின் அளவாலோ நடந்தவை அல்ல. சில மாதங்களுக்குள் எடுத்த முடிவு அறுபது ஆண்டுக்கு மேலாக ஒரு குழுவின் எல்லையைக் காத்துவருகிறது.

அதன்பின் வந்த சர்வதேசப் பாடசாலைகள் வேறு கதவால் நுழைந்தன. அவை பாடசாலையாகப் பதியாமல் கம்பனிகள் சட்டத்தின்கீழ்க் கம்பனியாகப் பதிந்தன. கொழும்பு சர்வதேசப் பாடசாலை 1982இல் தொடங்கியது. பின்னர் பல கிளைகளைக் கொண்ட வலையமைப்புகள் வந்தன. இரண்டு குழுக்களையும் கட்டண-வசதி வரைபடத்தில் குறித்தால் சில புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பார்ப்பவர் அவை நேரடிப் போட்டியாளர்கள் என்பார். ஆனால் சர்வதேசப் பாடசாலை எவ்வளவு செலவழித்தாலும் பழைய தனியார் பாடசாலைக் குழுவுக்குள் நுழைய முடியாது.

மறுதிசையில் மதில் அத்தனை உயரமில்லை. 2001, 2002 காலத்தில் அரசு ஆங்கில மொழிமூலத்தை மீண்டும் அனுமதித்தபோது, பழைய பாடசாலைகள் தேசியப் பாடவிதானத்தை ஆங்கிலத்தில் கற்பித்து, சர்வதேசப் பாடசாலைகளின் முக்கியமான கவர்ச்சியைத் தம் வளவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. தடை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உயரம், எந்தப் பக்கத்திலிருந்து தாழ்வு என்று அம்புக்குறி போட்டுக் காட்டாத வரைபடத்தை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை.

தடை உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நேரிய வழி உண்டு. அதே பாடசாலைகளை ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை குறித்து, எவை குழு மாறின என்று பாருங்கள். எவரும் கடக்காத இடைவெளி தடையாக இருக்கலாம். பலர் கடந்திருந்தால் அது வெறும் தூரம். ஆனால் 2022ஐ இரண்டு முனைகளுக்கு நடுவில் வைத்து ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் கட்டணம் வாங்கிய பாடசாலைகளும், லண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைக் கட்டணத்தைப் பவுணில் கட்டியவர்களும் எதையும் மாற்றாமலே வரைபடத்தில் வலப்பக்கம் தூக்கி வீசப்பட்டார்கள். ரூபாய்க் கணக்கில் அது பெரிய நகர்வாகத் தெரியும். மூலோபாயத்தில் எவரும் அசையவில்லை.

இறக்கக்கண்டிக் காணிக்காரருக்கு இந்த மதில்களில் எது முன்னால் நிற்கிறது? கம்பனியாகப் பதிவது கடினமில்லை. இரண்டு ஏக்கர் கொழும்பில் கனவு, அங்கே கையில் இருக்கிறது. அவருடைய தடை தரம் 10ஐ நெருங்கும்போது எழுகிறது. அரச பல்கலைக்கழகத்துக்கான வழமையான பாதை உள்ளூர் க.பொ.த. உயர்தரமும் இசட் புள்ளியும். பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களின் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, எஞ்சிய 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளது. கொழும்புப் பெற்றோருக்கு லண்டன் உயர்தரம் வெளிநாட்டுக்குப் போகும் வழி. நிலாவெளியில் விடுதி நடத்துபவருக்கோ, குச்சவெளியில் படகு வைத்திருப்பவருக்கோ, தன் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு தரும் சலுகையை விட்டுக்கொடுத்து அந்த வழியில் போவது மிகப் பெரிய விலை. அந்த விலை எந்தக் கட்டண அட்டவணையிலும் இல்லை.

அதோடு, நகரத்தில் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. கட்டணம் பூச்சியம். தனியார் பாடசாலைகளை மட்டும் குறித்த வரைபடத்தில் இவை வரவே வராது. ஆனால் தரம் 10 வயதுப் பிள்ளையின் தாய் ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றோடுதான். புல்மோட்டை வீதியில் ஓடும் பஸ்ஸுக்கும் பாடசாலை வேனுக்கும் ஆகும் மாதச் செலவு, மாலையில் நகரத்து ரியூஷன் வகுப்புக்குக் கட்டும் காசு, இரண்டையும் சேர்த்துத்தான் அரச பாடசாலையின் உண்மையான புள்ளி எங்கே விழுகிறது என்று சொல்லலாம். அந்தப் புள்ளியும் பூச்சியத்தில் இருக்காது. ஊரிலேயே உள்ள பாடசாலைக்குக் கிடைக்கும் சிறு இடைவெளி அதுதான்.

ஆகவே இங்கே ஒரே பாடசாலை இரண்டு குழுக்களில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் ஆங்கிலத்துக்காகவும் வீட்டுக்கு அருகில் இருப்பதற்காகவும் பணம் கொடுக்கத் தயாரான பெற்றோரோடு ஒரு சந்தை. உயர்தரத்தில் நகரத்து அரச பாடசாலைகளோடு மோதும் இன்னொரு சந்தை. இரண்டையும் ஒரே புள்ளியாகக் குறித்தால் சராசரி எடுத்து இரண்டையும் மறைத்துவிடுவோம். ஆரம்பம், இடைநிலை, உயர்தரம் என்று மூன்று தனி வரைபடங்கள் போடுவதையே நான் வற்புறுத்துவேன்.

ஏற்கெனவே இயங்கும் ஒரு பாடசாலையில் இந்த மதிலின் இடத்தைக் கண்டுபிடிக்க அதிகம் அலையவேண்டாம். அதிபரிடம் தரம் 1 முதல் 13 வரை தரவாரியான மாணவர் எண்ணிக்கையைக் கேளுங்கள், குறைந்தது ஐந்தாண்டுக்கு. ஓர் ஆண்டின் நிரலை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தால் ஏமாறுவோம். வளர்ந்துவரும் பாடசாலையில் கீழ் வகுப்புகள் இயல்பாகவே பெரியவை. இந்த ஆண்டின் தரம் 5, அடுத்த ஆண்டின் தரம் 6, அதற்கடுத்த ஆண்டின் தரம் 7 என்று அதே பிள்ளைகளைச் சாய்வாகப் பின்தொடரவேண்டும். எண்ணிக்கை ஒவ்வொரு ஆண்டும் எந்தத் தரத்தில் ஒரே மாதிரி விழுகிறதோ, பெற்றோர் அந்தப் பாடசாலையைவிட்டு மற்றக் குழுவுக்குப் போகும் இடம் அது. அந்த வீழ்ச்சி தரம் 6இல் என்றால் ஆங்கில ஆசிரியரோடும் வேன் பாதையோடும் பேசித் தீர்க்கலாம். தரம் 10இலோ 12இலோ என்றால் புதிய ஆய்வுகூடத்துக்குக் கடன் எடுப்பதற்கு முன், உள்ளூர்ப் பாடவிதானத்தில் உயர்தரம் கற்பிக்கும் பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்கள் நிலாவெளிப் பக்கம் முழுநேரமாக வரச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.