எந்த வக்கீலிடம் உயில்? வீட்டுக்குத் தெரியணும்!

கோவில்பட்டி பக்கம் ஐந்து ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம். ‘உயில் வக்கீல்கிட்ட இருக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் மகன் ஆன்லைனில் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார். உயில் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நம்பி உயிலே இல்லை என்று முடிவு செய்தால் தப்பு. பதிவு செய்த உயில்கள் 3-ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் இருக்கும், வில்லங்கத்தில் வராது.

முதலில் அப்பாவின் பழைய பத்திரங்களைப் புரட்டணும். கடைசிப் பக்கத்தில் தயாரித்த வக்கீலின் பெயர் இருக்கலாம். அவர் இறந்திருந்தால், கோவில்பட்டி நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தில் விசாரித்தால் அவருடைய கட்டுகளை எந்த ஜூனியர் வைத்திருக்கிறார் என்று தெரியவரலாம்.

உயில் பதிவாகியிருந்தால், இறப்புச் சான்றிதழோடு அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். ஆனால் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவாகாத உயிலுக்கு அங்கே நகலே இருக்காது. வக்கீலிடம் உள்ள அசல்தான் கதி. அதைத் தர மறுத்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 267-ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, உயிலைத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்கலாம்.

உயிலில் என்ன எழுதியிருக்கு என்பது ரகசியமாகவே இருக்கட்டும். வக்கீலின் பெயர், அலுவலக முகவரி, எழுதிய தேதி, சாட்சிகள் இருவரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பட்டாவோடு வைத்துவிட்டால், பிள்ளைகள் இப்படி அலைய வேண்டாம்.