பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ₹4,500, பேர் வச்ச பிறகு ₹40,000: ரெண்டு வார்த்தையை ஒட்டி பிராண்ட் பேர் உருவாக்கலாமா?



உங்க போர்ட்ஃபோலியோல டைட்டன் ஷேர் இருக்கா? நேரடியா இல்லைன்னாலும், நீங்க எஸ்ஐபி போடுற ஏதாவது ஒரு ஃபண்ட் வழியா கொஞ்சமாவது இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1984-ல டாடா குழுமமும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி அது. டாடா இண்டஸ்ட்ரீஸோட முதல் எழுத்துகள் 'டிஐ', தமிழ்நாட்டோட 'டிஏஎன்'. ரெண்டையும் ஒட்டினா டைட்டன். ஓசூர்ல கடிகாரம் செய்யப் போற கம்பெனிக்கு, கிரேக்கப் புராணத்துல வர்ற பிரம்மாண்டமான தெய்வங்களோட பேர் அமைஞ்சிடுச்சு.

இதை இப்போ ஏன் சொல்றேன்னா, சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு சைடு பிசினஸ் ஆரம்பிக்கிற எல்லாரும் இந்த மாதிரி ஒரு பேரைத்தான் தேடுறாங்க. ரெண்டு வார்த்தையை வெட்டி ஒட்டி, கேட்டதும் புதுசா இருக்கணும். என் கருத்து என்னன்னா, இதுல பெரும்பாலான முயற்சி தோத்துப் போறதுக்குக் காரணம் கற்பனை குறைவு இல்ல. ஒட்டுற இடத்தை யாரும் பார்க்கிறதில்ல.

என் நண்பர் ஒருத்தர் ஐடி வேலையில இருக்கார். அவரும் அவர் மனைவியும் வார இறுதியில இட்லி பொடி, சாம்பார் பொடி, ரசப்பொடி அரைச்சு அபார்ட்மெண்ட்ல விக்கிறாங்க. நல்லாவே போகுது. பேர் அச்சடிச்ச பவுச் 5,000 ஆர்டர் பண்ணலாம்னு விலை கேட்டிருக்கார். ஒண்ணு ₹8 வீதம் ₹40,000. பணம் அனுப்புறதுக்கு முந்தின நாள் எனக்கு போன் பண்ணி, "பேர் சூப்பரா இருக்கு, கேளுங்க: பொடிபன்!" அப்படின்னார்.

பொடி + டிபன். ரெண்டுக்கும் நடுவுல 'டி' பொது. எழுதிப் பார்த்தா அழகா இருக்கு. ஆனா நான், "பவுச் ஆர்டரை ஒரு வாரம் நிறுத்துங்க"ன்னு சொன்னேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல, நல்ல ஒட்டு எப்படி இருக்கும்?

Pinterest-ஐ எடுத்துக்கோங்க. பின் + இன்ட்ரஸ்ட். முதல் வார்த்தையோட கடைசிச் சத்தமும் ரெண்டாவது வார்த்தையோட முதல் சத்தமும் 'இன்'. அதனால எதையும் வெட்டவே தேவையில்ல. 'பின்' முழுசா இருக்கு, 'இன்ட்ரஸ்ட்' முழுசா இருக்கு. சொல்லும்போது 'இன்ட்ரஸ்ட்'னு சொல்ற அதே தாளத்துலதான் வாய் போகுது, முன்னாடி ஒரு 'ப்' மட்டும் கூடுது. Groupon-உம் அப்படித்தான். குரூப், கூப்பான் ரெண்டுலயும் 'ஊப்'ங்கிற சத்தம் இருக்கு, ஒட்டு அங்கதான் விழுது.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒட்டு பொதுவான சத்தத்துல விழணும், அப்போ ரெண்டு வார்த்தையும் உடையாம காதுல விழும். அடுத்து, மொத்தப் பேரோட தாளம் ரெண்டு வார்த்தையில ஏதாவது ஒண்ணோட, பெரும்பாலும் ரெண்டாவதோட தாளமா இருக்கணும். அப்போதான் முதல் தடவை கேக்கிறவருக்கே அது ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தை மாதிரி இருக்கும்.

இதுக்கு நேர்மாறா ஒரு உதாரணம், உங்கள்ல சிலர் வேலை பார்க்கிற கம்பெனியாகவே இருக்கலாம்: அக்சென்ச்சர். ஆண்டர்சன் கன்சல்டிங், 2001 ஜனவரி 1 அன்னைக்கு இந்தப் பேருக்கு மாறுச்சு. ஆஸ்லோவில இருந்த ஒரு ஊழியர் சொன்ன பேர் அது. 'அக்சென்ட் ஆன் தி ஃபியூச்சர்', அதாவது எதிர்காலத்துக்கு அழுத்தம், இதுதான் உள்ளே இருக்கிற அர்த்தம். 'ஃபியூச்சர்'ல மிஞ்சினது கடைசிச் சத்தம் மட்டும். விளக்கம் சொல்லாம யாருக்கும் அது புரியாது. அது தப்பான பேர்னு சொல்ல வரல. பெரிய கம்பெனி விளம்பரம் பண்ணிப் பண்ணி ஒரு வெத்து வார்த்தைக்கு அர்த்தம் ஏத்திடும். உங்க ₹40,000-க்கு அது முடியாது. உங்க பேர் தன்னைத் தானே விளக்கணும்.

'பொடிபன்' எங்க உடைஞ்சுது?

நண்பரை ஒரு சின்ன சோதனை பண்ணச் சொன்னேன். செலவே இல்ல. பத்து பேருக்கு போன் போடுங்க. பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. கேட்டதை வாட்ஸ்அப்ல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி அனுப்பச் சொல்லுங்க. என்ன விக்கிற கடைன்னு நினைக்கிறாங்கன்னும் கேளுங்க. எழுத்தைக் காட்டக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது.

நாலு பேர் 'பொடி பன்' அப்படின்னு நடுவுல இடம் விட்டு எழுதினாங்க. "பேக்கரியா?"ன்னு கேட்டாங்க! இங்கிலீஷ்ல எழுதினதுல Podipan, Podiban, Podifin, Podiffinன்னு ஆளுக்கு ஒண்ணு.

காரணம் இதுதான். 'பொடி'ல வர்ற 'டி'யும் 'டிபன்'ல வர்ற 'டி'யும் தமிழ்ல ஒரே எழுத்து, ஆனா ஒரே சத்தம் இல்ல. பொடில மென்மையா வருது, டிபன்ல வல்லினமா வருது. ஒட்டு கண்ணுக்கு மட்டும்தான் பொருந்துது, காதுக்குப் பொருந்தல. போதாக்குறைக்கு, டிபன்ல நாம 'ஃப' மாதிரி சொல்ற 'ப', 'டி' முன்னாடி ஒட்டிக்கிட்டதும் தனியா நின்னு 'பன்' ஆயிடுது. தமிழ்ல க, ச, ட, த, ப எல்லாத்துக்கும் ஒரே எழுத்துல பல சத்தம் இருக்கு. அதனால ஒட்டுற இடத்துல இந்த எழுத்துகள் வந்தா ரெண்டு தடவை யோசிங்க. ம, ன, ல, ர மாதிரி எழுத்துகள்ல இந்தத் தொல்லை குறைவு.

அடுத்த பேர் அவர் மனைவி சொன்னது: தோசைடு. தோசை + சைடு. 'சை' அச்சு அசலா ஒட்டுது, காதுக்கும் சரி. ஆனா போன்ல கேட்ட மூணாவது ஆளே, "சூசைடு மாதிரி கேக்குதேம்மா"ன்னு சொல்லிட்டாங்க. கதை முடிஞ்சது. ரெண்டு வார்த்தையை ஒட்டும்போது கூப்பிடாம மூணாவது வார்த்தை ஒண்ணு வந்து உட்காரும். டைட்டனுக்கு அந்த மூணாவது வார்த்தை அதிர்ஷ்டமா அமைஞ்சது. சாப்பாட்டுப் பொருளுக்கு இது அமையக் கூடாது.

மூணாவது: கமகமசாலா. கமகம + மசாலா. ஒட்டு 'ம'ல விழுது. ரெண்டு வார்த்தையும் முழுசா இருக்கு. முடியும்போது 'மசாலா'ங்கிற தாளம் அப்படியே வருது. பத்து பேரும் தமிழ்ல சரியா எழுதினாங்க, பத்து பேரும் "மசாலா பொடி தானே"ன்னு கேட்டாங்க. இங்கிலீஷ்ல மட்டும் பாதிப் பேர் Kama, பாதிப் பேர் Gama. இது சமாளிக்கக் கூடியது: ஒரு ஸ்பெல்லிங்கை முடிவு பண்ணிட்டு, இன்னொரு ஸ்பெல்லிங்ல இருக்கிற டொமைனையும் இன்ஸ்டா பேரையும் சேர்த்து எடுத்து வச்சுக்கணும்.

இப்போ பணம் சம்பந்தப்பட்ட விஷயம்

காதுக்கு நல்லா இருக்கிற பேர் சட்டத்துக்கும் வலுவா இருக்கும்னு அவசியம் இல்ல. பல சமயம் ரெண்டும் எதிரெதிரா இழுக்கும். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 9 என்ன சொல்லுதுன்னா, பொருளோட வகையையோ தரத்தையோ மட்டும் வர்ணிக்கிற பேரை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. 'மசாலா' பொருளோட பேர், 'கமகம' அதோட குணம். அதனால அதிகாரி ஆட்சேபம் எழுப்ப வாய்ப்பு இருக்கு. "இது ஒட்டி உருவாக்கின புது வார்த்தை, மொழியில ஏற்கெனவே இல்லாதது"ன்னு பதில் கொடுக்கலாம். ஏத்துக்குவாங்கன்னு உத்தரவாதம் இல்ல. ஏத்துக்கிட்டாலும் உரிமை முழுப் பேருக்குத்தான். நாளைக்கு இன்னொருத்தர் 'கமகம'ன்னு பாக்கெட்ல போட்டா, அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் தடுக்க முடியாது.

டைட்டனைப் பாருங்க. அந்த வார்த்தையில கடிகாரத்தைப் பத்தி ஒண்ணுமே இல்ல. அதனாலதான் அது சட்டத்துல வலுவான வகை, பின்னாடி கண்ணாடி விக்கவும் இடம் கொடுத்துச்சு. புரியிற பேர் சீக்கிரம் விக்கும், ஆனா பாதுகாப்பு குறைவு. புரியாத பேருக்குப் பாதுகாப்பு அதிகம், ஆனா புரிய வைக்கச் செலவு ஆகும். நீங்க எந்தப் பக்கம் சாயணும்ங்கிறது உங்க பணத்தைப் பொறுத்தது. ₹40,000 வச்சிருக்கிறவங்க புரியிற பக்கம் சாயலாம்னுதான் நான் சொல்வேன். ஆனா ரிஸ்க் தெரிஞ்சு சாயணும்.

நண்பர் செஞ்சது இதுதான். ipindia.gov.in-ல இருக்கிற டிரேட்மார்க் தேடலுக்குப் போனார். மசாலா, காபி, டீ எல்லாம் வர்றது வகுப்பு 30. அதுல பேரை எழுத்துப்படி தேடினார். அப்புறம் Phonetic தேர்வுல Kama, Gama ரெண்டு ஸ்பெல்லிங்லயும் தேடினார். இந்த ரெண்டாவது தேடலைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. எழுத்து வேறயா இருந்தாலும் சத்தம் ஒண்ணா இருந்தா மோதல்தான். மோதுற பேர் எதுவும் வரல. தனிநபரா ஆன்லைன்ல விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் ₹4,500. வக்கீல் வச்சா அது தனி. ஜர்னல்ல வந்த பிறகு நாலு மாசம் யார் வேணும்னாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பதிவு கிடைச்சா 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். அதுவரைக்கும் பேர் பக்கத்துல ™ போடலாம். ® போடக் கூடாது, பதிவு ஆகாம அதைப் போடுறது குற்றம்.

பவுச் ஆர்டர்? அதை இன்னும் கொடுக்கல. பேர் அச்சடிக்காத சாதா பவுச் வாங்கி, மேல ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டு இருக்காங்க. ஆட்சேபம் வந்து பேரை மாத்த வேண்டி வந்தா ஸ்டிக்கர் காசு மட்டும்தான் போகும்.

நீங்களும் ஒரு பேர் மனசுல வச்சிருந்தா, இன்னைக்கே டிசைனரைக் கூப்பிடாதீங்க. முதல்ல பத்து பேருக்கு போன் போடுங்க.