கை விடுபட்டால் போதுமா?

பொள்ளாச்சி–கொல்லங்கோடு சாலையில், கேரள எல்லையில் அமைந்த ஊர் கோவிந்தாபுரம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடப்பட்ட “palam kitta nikkiren” என்னும் குறுஞ்செய்தி ஓடும் காருக்கு வருவதாகக் கொள்வோம். ஆங்கிலக் குரலுக்கு அமைக்கப்பட்ட திரை அதை ஆங்கில ஒலிப்பிலேயே வாசிக்கும். பாலமா, பழமா என்பதை அவ்வெழுத்துகள் காட்டுவதில்லை. கண்ணால் படிப்பவர் சூழலைக் கொண்டு உடனே தெளிவார். காதால் கேட்பவரோ சிதைந்த ஒலியிலிருந்து முதலில் சொல்லை மீட்க வேண்டும்.

பதில் அனுப்புவது இன்னும் கடினம். பேசிய தமிழை ஆங்கிலச் சொற்களாகத் திரித்து, கருவி சரிபார்க்கக் கேட்கும். ஓட்டுநர் பிழையைக் கண்டு, மறுத்து, மீண்டும் பேச வேண்டும்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியையே குறிப்பிடுகிறது. கவனத்தின் கணக்கு வேறு. குரல்வழி ஏவல் முடிந்த பின்னும் கவனச் சிதறல் 27 நொடிகள் வரை நீடிக்கக்கூடும் என 2015இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது 450 மீட்டர் தொலைவு.

ஆகவே, செய்தியைத் தமிழ் எழுத்தில் அனுப்பி, தமிழ்க் குரலில் வாசிக்கச் செய்வது சுமையைக் குறைக்கும். “வண்டி ஓட்டுகிறேன்” என்னும் ஆயத்தப் பதிலே ஓடும்போது போதுமானது. மற்றவை வண்டி நின்ற பிறகு ஆகட்டும்.