கடைசிப் பக்கத்தில் கை நழுவும் வியாபாரம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த சில மாதங்களில், அதை வைத்துச் சிறிய அளவில் ஏதாவது விற்கலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. பொடி வகைகளோ கைத்தறிச் சேலையோ, ஒரு இணைய தளம் அமைத்து, கொஞ்சம் பணம் கட்டி விளம்பரமும் போட்டு விடுகிறார்கள். பிறகு கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கம்ப்யூட்டர் வழியாகத் தளத்துக்கு வருபவர்களில் 100க்கு 3 பேர் வாங்குகிறார்கள். செல்போன் வழியாக வருபவர்களில் 100க்கு ஒருவர்தான் வாங்குகிறார். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற இந்த விகிதத்தைக் கன்வர்ஷன் ரேட் என்பார்கள்.

இதைப் பார்த்ததும் “செல்போன் விளம்பரம் எடுபடவில்லை” என்று முடிவு கட்டி, படத்தை மாற்றுகிறார்கள், வாசகத்தை மாற்றுகிறார்கள், கடைசியில் விளம்பரத்தையே நிறுத்தி விடுகிறார்கள். பல சமயங்களில் இது தவறான முடிவு என்பதே என் கருத்து. ஆட்களைக் கடைக்கு அழைத்து வருவதுதான் விளம்பரத்தின் வேலை. உள்ளே வந்து, பொருளை எடுத்துக்கொண்டு, கல்லாப்பெட்டி வரை போனவர் வெறுங்கையோடு திரும்பினால் அதற்கு வாசலில் உள்ள போர்டு எப்படிப் பொறுப்பாகும்?

எங்கே ஆள் குறைகிறது?

மொத்த விகிதத்தை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 1000 பேர், செல்போனில் 1000 பேர் வந்தார்கள். கம்ப்யூட்டரில் 80 பேர் பொருளைக் கூடையில் போட்டார்கள், 50 பேர் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனார்கள், 30 பேர் பணம் கட்டினார்கள். செல்போனில் 76 பேர் கூடையில் போட்டார்கள், 46 பேர் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனார்கள், ஆனால் 11 பேர்தான் பணம் கட்டினார்கள்.

பணம் கட்டும் பக்கத்தைத் தொடும் வரை இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் பிறகு கம்ப்யூட்டரில் 100க்கு 60 பேர் முடிக்கிறார்கள், செல்போனில் 100க்கு 24 பேர் மட்டுமே. விளம்பரம் சம்பந்தமில்லாத ஆட்களை அழைத்து வந்திருந்தால் அவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே போயிருப்பார்கள். கூடை வரை வந்து, பெயரும் விலாசமும் டைப் செய்யத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கை எடுப்பது கடினமில்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கடைத் தளம் அதனுடன் சரியாக இணைக்கப்பட்டிருந்தால் add_to_cart, begin_checkout, purchase என்ற மூன்று பெயர்களில் இந்த மூன்று படிகளும் பதிவாகும். அவற்றை Device category என்பதன்படி பிரித்துப் பார்த்தால் மேலே சொன்ன எண்கள் கிடைத்து விடும். பத்து இருபது பேரை வைத்து முடிவு செய்யாமல், சில வாரங்கள் எண்கள் சேரும் வரை பொறுத்திருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தபால் செலவைக் கடைசியில் காட்டினால் வாடிக்கையாளர் எரிச்சல் அடைவார் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொகை கம்ப்யூட்டரிலும் அதே இடத்தில்தான் வருகிறது. இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரு குறையால் மட்டும் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் வருவது கடினம். செல்போனில் மட்டும் இடறும் கல் எது என்று தேட வேண்டும்.

செல்போனில் மட்டும் இடறுபவை

முதலாவது, க்யூஆர் கோடு. கம்ப்யூட்டர் திரையில் அது தெரிந்தால் செல்போனை எடுத்து ஸ்கேன் செய்து யுபிஐ மூலம் பணம் அனுப்பி விடலாம். அதே பக்கத்தைச் செல்போனில் திறந்தால் கோடு அந்தச் செல்போன் திரையிலேயே தெரிகிறது. அதை எதை வைத்து ஸ்கேன் செய்வது? செல்போனில் திறக்கும்போது க்யூஆர் கோடுக்குப் பதில், யுபிஐ செயலியை நேராகத் திறக்கும் பட்டன் வர வேண்டும்.

இரண்டாவது, ஓடிபி. இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்டும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009ல் கட்டாயமாக்கியது. கம்ப்யூட்டரில் வாங்குபவர் பக்கத்தில் இருக்கும் செல்போனைப் பார்த்து எண்ணை டைப் செய்கிறார். செல்போனில் வாங்குபவர் பணம் கட்டும் பக்கத்தை விட்டு எஸ்எம்எஸ்ஸுக்குப் போக வேண்டியிருக்கலாம். திரும்பி வரும்போது பக்கம் மறுபடி முதலிலிருந்து லோடு ஆகி, நிரப்பியதெல்லாம் அழிந்திருந்தால் பலர் அத்தோடு விட்டு விடுவார்கள்.

மூன்றாவது, டைப் செய்யும் சிரமம். செல்போன் கீபோர்டு திரையில் பெரும் பகுதியை மறைத்துக்கொள்கிறது. பின்கோடு கட்டத்தைத் தொட்டால் எண்கள் வராமல் எழுத்துகள் வருகின்றன. இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும்:

```
<input name="pin" inputmode="numeric" autocomplete="postal-code">
```

இதில் inputmode எண் கீபோர்டை வரவழைக்கும். autocomplete என்பது, பிரவுசரில் ஏற்கெனவே சேமித்து வைத்த பின்கோடை எடுத்து நிரப்ப உதவும்.

நான்காவது கல் விளம்பரத்தின் குற்றம் போலவே தோற்றமளிக்கும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டால் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய பிரவுசரில்தான் உங்கள் தளம் திறக்கிறது. குரோமில் சேமித்து வைத்த விலாசமும் பாஸ்வேர்டும் அங்கே கிடைக்காமல் போகலாம். பணம் கட்டும் செயலி திறக்காமலும் போகலாம். அதனால் விளம்பரம் வழியாக வந்தவர்களையும், தளத்தின் முகவரியைத் தாங்களே டைப் செய்து வந்தவர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இருவரும் ஒரே படியில் நின்று போனால் குறை பணம் கட்டும் பக்கத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் வந்தவர்கள் மட்டும் கடைசிப் படியில் நின்றால் இந்தச் சிறிய பிரவுசரைச் சந்தேகப்படுங்கள். அவர்கள் கூடையைக்கூடத் தொடாமல் போனால்தான் விளம்பரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

“பஸ்ஸில் போகும்போது செல்போனில் சும்மா பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வாங்குகிறார்கள்” என்று சிலர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு ஆளாகக் கணக்கில் ஏறுவதால் வித்தியாசத்தில் ஒரு பகுதி எப்போதும் மிஞ்சும். ஆனால் சும்மா பார்ப்பவர் கூடைக்கு முன்பே நின்று விடுவார். விலாசம் வரை நிரப்பியவர் வாங்கத்தான் வந்திருக்கிறார்.

இந்தக் குறைகள் உரிமையாளர் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. தளத்தை அமைத்ததும் சோதித்ததும் கம்ப்யூட்டரில். குரோமில் Ctrl+Shift+I, பிறகு Ctrl+Shift+M அழுத்தினால் செல்போன் அளவில் தளத்தைப் பார்க்கலாம். ஆனால் கீபோர்டு திரையை மறைப்பதும், எஸ்எம்எஸ் வருவதும், யுபிஐ செயலி திறப்பதும் அதில் தெரியாது. அடுத்த மாத விளம்பரப் பணத்தைக் கட்டுவதற்கு முன் சொந்தச் செல்போனை எடுத்து, உங்கள் விளம்பரத்தையே தொட்டு உள்ளே போய், உங்கள் கடையிலேயே மிகக் குறைந்த விலையுள்ள ஒரு பொருளைப் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் விரல் தயங்குகிறதோ அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.