ஐந்தில் ஆறு, ஆறில் ஐந்து

நல்ல சுருக்கம் ஒன்று கையில் இருந்தால் மற்ற வேலையெல்லாம் கத்தரிக்கோல் வேலைதான் என்று நம்புகிறவர்கள் ஏராளம். சங்க அறிக்கை எழுதுகிறவர்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், உள்ளூர் நிருபர்கள், அலுவலக மக்கள் தொடர்புப் பிரிவினர் என எல்லோரிடமும் இது ஊறிப்போயிருக்கிறது. எண்களைப் பொறுக்கிக் கட்டத்தில் போட்டால் அட்டவணை, முதல் இரண்டு வரியை வெட்டி ஒட்டினால் சமூக ஊடகப் பதிவு, அதையே மைக்கில் வாசித்தால் அரை நிமிட அறிவிப்பு என்கிறார்கள். இது தவறு என்று சொல்வதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. உயிர்ச்சேதச் செய்தியில் இந்தப் பழக்கம் பொய்யைப் பரப்புகிறது. எழுதியவர் ஒரு பொய்யும் எழுதியிருக்க மாட்டார். வெட்டிய இடத்தில் பொய் முளைத்திருக்கும்.

நெய்வேலிக்காரர்கள் மறக்காத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஏழு அலகுகள் உண்டு. 2020இல் மே 7ஆம் தேதி ஒரு அலகிலும், ஜூலை 1ஆம் தேதி அடுத்த அலகிலும் கொதிகலன் வெடித்தது. ஜூலை 1ஆம் தேதி தெரிந்திருந்த அளவில் ஒரு சுருக்கம் எழுதினால் இப்படி இருக்கும்:

"2020 ஜூலை 1ஆம் தேதி காலை நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் 5ஆவது அலகில் கொதிகலன் வெடித்ததில் 6 ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்; 17 பேர் காயமடைந்தனர். இதே நிலையத்தின் 6ஆவது அலகில் மே 7ஆம் தேதி நடந்த கொதிகலன் விபத்தில் காயமடைந்தவர்களில் 5 பேர் பின்னர் இறந்த நிலையில், இரண்டு மாதங்களுக்குள் நடந்துள்ள இரண்டாவது விபத்து இது. விபத்தின்போது அலகு இயக்கத்தில் இல்லை, மீண்டும் இயக்குவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது என்று நிர்வாகத் தரப்பில் கூறப்பட்டது."

பத்திரிகை நடையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைக் கத்தரித்துப் பார்ப்போம்.

அட்டவணைதான் எல்லாவற்றிலும் சுலபம் என்பார்கள். அலகு, நாள், இறந்தோர் என்று மூன்று பத்தி போட்டு, 5 – ஜூலை 1 – 6 என்று ஒரு வரி, 6 – மே 7 – 5 என்று இன்னொரு வரி. முடிந்தது. பார்க்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விபத்து என்று புரிந்துகொள்வார். மே மாதத்து 5 என்பது சிகிச்சையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்து, வாரக்கணக்கில் சேர்ந்த கணக்கு. ஜூலை மாதத்து 6 என்பது வெடித்த அன்றே இறந்தவர்களின் கணக்கு மட்டுமே. 17 பேர் அப்போதுதான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சுருக்கத்தில் "பின்னர்" என்ற ஒரே ஒரு சொல் இந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் அந்தச் சொல்லுக்கு இடமில்லாததால் இரண்டு வேறு கணக்குகள் ஒரே பத்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டன. ஒரே பத்தியில் இருப்பதை ஒப்பிடலாம் என்பதுதான் அட்டவணை கண்ணுக்குத் தரும் உறுதி. அந்த உறுதியை இந்த அட்டவணை காப்பாற்றவில்லை.

பத்தியைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடுமா? "அன்றே இறந்தோர்", "பின்னர் இறந்தோர்" என்று இரண்டாக்கினால் ஜூலை 1க்கு இரண்டாவது கட்டம் காலியாக நிற்கும். அங்கே பெரும்பாலோர் ஒரு சிறு கோடு போடுவார்கள். எழுதியவருக்கு அந்தக் கோடு "இன்னும் தெரியவில்லை". படிப்பவருக்கு அது "யாரும் இல்லை". அடுத்து வந்த நாட்களில் அந்த 17 பேரில் பலர் இறந்தார்கள், மொத்த எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. கோடு போட்ட அட்டவணை அதற்குப் பிறகும் கைமாறிக்கொண்டிருந்தால் அது என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே அட்டவணையைச் சுருக்கத்திலிருந்து எழுதக் கூடாது. மூலத் தகவலுக்கே திரும்பிப் போய், ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்ப வேண்டும்:

| விபத்து நாள் | அலகு | அன்றே இறந்தோர் | பின்னர் இறந்தோர் (ஜூலை 1 வரை) |
|---|---|---|---|
| மே 7 | 6 | யாரும் இல்லை | 5 |
| ஜூலை 1 | 5 | 6 | 17 பேர் சிகிச்சையில் |

கடைசிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் சொற்கள் இருப்பது அழகில்லைதான். ஆனால் அந்தக் கட்டம்தான் இந்த அட்டவணையிலேயே முக்கியமானது. அது இன்னும் மூடாத கணக்கு. நாள் வரிசைப்படி மே முதலில் வந்திருப்பதையும் கவனியுங்கள். சுருக்கத்தில் புதுச் செய்தி முன்னால் வந்தது, அட்டவணையில் நடந்த வரிசை முன்னால் வருகிறது. நிர்வாகத் தரப்பின் கூற்று இதில் இல்லவே இல்லை. அதை ஒரு கட்டத்தில் அடைத்தால் யார் சொன்னது என்பது கழன்று, நிரூபித்த உண்மை போல எண்களோடு எண்ணாக நின்றுவிடும். அட்டவணைக்குக் கீழே தனி வரியாக, பெயரோடு எழுதுவதே நேர்மை.

பதிவுக்கு வருவோம். எக்ஸ் தளத்தில் கட்டணம் கட்டாத கணக்குக்கு 280 குறிகள்தான் எல்லை. தமிழில் அது 280 எழுத்து ஆகாது. உயிர்மெய்யில் மெய்யின் வடிவம் ஒன்று, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி ஒன்று எனக் கணக்கு போகும். புள்ளியும் தனியாக எண்ணப்படும். "தொழிலாளர்கள்" நமக்கு ஏழு எழுத்து, அங்கே பன்னிரண்டு. மேலே உள்ள சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் "5 பேர் பின்னர் இறந்த நிலையில்," என்பதோடு இடம் தீர்ந்துவிடுகிறது. இறந்த நிலையில் என்ன ஆயிற்று? வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது. இது தற்செயல் இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், "என்று இன்னார் சொன்னார்" என்பதும் கடைசியில்தான் வரும். பின்னாலிருந்து வெட்டுகிறவர் முதலில் வெட்டி எறிவது முடிவையும் சாட்சியையும்தான். மூன்றாவது வாக்கியத்தில் "என்று நிர்வாகத் தரப்பில் கூறப்பட்டது" என்பதை மட்டும் நீக்கிப் படியுங்கள். நிறுவனத்தின் தரப்பு உங்கள் வாயிலிருந்து உங்கள் சாட்சியமாக வருகிறது. விசாரணை தொடங்குமுன்பே இது நடந்துவிடுகிறது.

அதனால் பதிவில் வாக்கிய அமைப்பையே திருப்ப வேண்டும். எப்போது தெரிந்தது, யார் சொன்னது என்ற இரண்டும் தலைமாட்டில் வர வேண்டும்:

"ஜூலை 1 பகல் நிலவரம்: நெய்வேலி 2ஆம் அனல் மின் நிலையம், 5ஆவது அலகில் கொதிகலன் வெடிப்பு. 6 பேர் பலி. 17 பேர் சிகிச்சையில். அதே நிலையத்தில் மே 7 விபத்தில் காயமடைந்த 5 பேர் இறந்து சில வாரமே ஆகிறது. நிர்வாகம்: அலகு அப்போது இயக்கத்தில் இல்லை."

இது 280க்குள் அடங்கிவிடுகிறது. "இன்று காலை" என்று இதில் எழுதவே கூடாது. பதிவு படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாள் கழித்தும் சுற்றும், அப்போது "இன்று" பொய்யாகியிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதை நான் இங்கே விட்டிருக்கிறேன். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. இடம் மிச்சமிருக்கிறதே என்று சேர்க்க நினைப்பவர் சேர்க்கலாம். அதற்காக நிலவர நேரத்தையோ 17 பேரையோ விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, பேச்சு. இங்கேதான் கத்தரிக்கோல் நம்பிக்கை முழுதாகக் குப்புற விழுகிறது. சுருக்கத்தை உரக்க வாசியுங்கள். ஐந்தாவது அலகில் ஆறு பேர், ஆறாவது அலகில் ஐந்து பேர். இரண்டாம் நிலையம், இரண்டு மாதம், இரண்டாவது விபத்து. காகிதத்தில் கண் திரும்பிப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளும். காதுக்குத் திரும்பிப் போக வழியில்லை. டவுன்ஷிப் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கடந்து போகிற நேரத்தில், டீக்கடையில் நிற்பவர் பிடித்துக்கொள்வது "அஞ்சு, ஆறு, ரெண்டு" என்ற மூன்று எண்களை மட்டும்தான். எது எதற்குரியது என்பது காற்றோடு போய்விடும். ஆறாவது அலகில் வேலை செய்கிறவரின் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று இதைக் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? எண் மாறிக் கேட்ட அந்த நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

எனவே பேச்சில் எண்களைக் குறைக்க வேண்டும், குழம்பும் எண்ணுக்குப் பதில் வேறு சொல் போட வேண்டும். அரை நிமிடத்துக்கு ஐம்பது சொல்லை ஒட்டித்தான் தாங்கும், அதுவும் பேச்சு நடையில். நெய்வேலியில் யாரும் வாய்ப்பேச்சில் கொதிகலன் என்றோ அலகு என்றோ சொல்வதில்லை. பாய்லர், யூனிட்தான்.

"நெய்வேலியில மறுபடியும் பாய்லர் வெடிச்சிருக்கு. இன்னிக்குக் காலையில, அஞ்சாவது யூனிட்ல. ஆறு பேர் இறந்துட்டாங்க. எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளிங்க. பதினேழு பேர் காயத்தோட ஆஸ்பத்திரியில இருக்காங்க. மே ஏழாம் தேதியும் இதே மாதிரி, பக்கத்து யூனிட்ல வெடிச்சுது. அதுல அடிபட்டவங்கள்ல அஞ்சு பேர் அப்புறம் இறந்தாங்க. நிர்வாகம் சொல்றது இது: யூனிட் அப்போ ஓடல, திரும்ப ஓட்டுறதுக்கான வேலை நடந்துச்சு. இது ஜூலை ஒண்ணாம் தேதி மத்தியானம் வரைக்கும் தெரிஞ்சது."

"ஆறாவது யூனிட்" போய் "பக்கத்து யூனிட்" வந்துவிட்டது. "இரண்டாவது விபத்து" என்பது "மறுபடியும்" என்ற ஒரே சொல்லாகி முதல் வாக்கியத்துக்கே ஏறிவிட்டது. பதிவில் கூடாது என்ற "இன்னிக்கு" இங்கே கூடும், பேச்சு அன்றே காற்றில் கரைவது என்பதால். ஒலிப்பதிவு செய்து அனுப்புவதானால் கூடாது, அதற்காகவே கடைசியில் தேதி இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் சட்டென்று முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் ஆட்டோ நகர்ந்து போனாலும் அதுவரை கேட்டது முழுச் செய்தி.

இந்த நம்பிக்கையின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மதிக்கிறேன். ஒரே செய்தி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் மக்களுக்குச் சந்தேகம் வரும் என்பார்கள். சரி. ஆனால் மேலே உள்ள மூன்றிலும் ஒத்துப்போகாத எண் ஒன்றாவது இருக்கிறதா? சொற்கள் மாறின, வரிசை மாறியது. 6, 17, 5, எந்த நாள் நிலவரம் என்பது, எதுவும் மாறவில்லை. சொல் மாறாமல் வெட்டி ஒட்டிய வடிவங்களில்தான் பொருள் மாறியது.

வேலை வரிசையையும் இதற்கேற்ப மாற்றச் சொல்கிறேன். அட்டவணையை முதலில் போடுங்கள். தெரியாதது எது என்று அதன் காலிக் கட்டம் முகத்தில் அறைந்து சொல்லும். அதை வைத்துச் சுருக்கத்தையே திருத்துங்கள். பதிவும் பேச்சும் அதற்குப் பிறகு. பேச்சை வெளியே விடுமுன், அதைப் பார்த்திராத ஒருவரை நிறுத்தி ஒருமுறை வாசித்துக் காட்டி, இன்று எந்த யூனிட், எத்தனை பேர் என்று கேளுங்கள். "ஆறாவது யூனிட்ல அஞ்சு பேர்" என்று பதில் வந்தால் மைக்கை இன்னும் கொடுக்காதீர்கள்.