‘கடின உழைப்பாளி, நேர்மையானவர்’: இப்படி ஒரு கடிதம் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருமா?

“இவர் எங்கள் பள்ளியில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். நேர்மையானவர், கடின உழைப்பாளி, மாணவர்களிடம் அன்பு காட்டுபவர். இவரது முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறேன்.”

முதுநிலைப் படிப்புக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கு, தலைமையாசிரியர் இப்படி ஒரு கடிதம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரை மாற்றினால் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் இதே கடிதம் பொருந்திவிடும். சிக்கலே அங்கேதான். இது நன்னடத்தைச் சான்றிதழ். பரிந்துரைக் கடிதம் இல்லை.

தேர்வுக் குழுவின் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, பணி அனுபவச் சான்று இருக்கிறது, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரரே எழுதிய கட்டுரையும் இருக்கிறது. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த இன்னொருவரின் சாட்சி மட்டும்தான் குறைகிறது. பரிந்துரைக் கடிதம் கேட்பதே அதற்காகத்தான். சாட்சி என்றால், என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

திருக்கோவிலூரில் தொடங்கிய ஒரு பரிந்துரை

நல்ல பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. 1910-ல் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த ராமானுஜன், தன் நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூர் வந்தார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமசுவாமி ஐயர். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், கணிதம் தெரிந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தத் தொடர்புகள் வழியாக ராமானுஜனுக்கு சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்த நோட்டுகளைப் பார்த்தார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வாழ்த்து மழை எதுவும் இல்லை. தான் பார்த்த வேலையின் தற்சிந்தனையை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளரோடு ஒப்பிட்டார். அதில் முழுமையும் துல்லியமும் போதவில்லை என்றும் எழுதினார். அந்தக் கணிதப் பிரிவுகளில் தான் நிபுணர் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கடைசியாக, பிழைப்புக் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் கணிதம் மட்டும் செய்ய இவருக்கு வழிசெய்யலாம் என்று கேட்டார்.

கல்லூரிப் பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. குறையைச் சொன்னதால் அந்தக் கடிதம் பலவீனமாகிவிடவில்லை. குறையையும் சொல்கிற ஆள் நிறையைச் சொன்னால் நம்பலாம் என்ற எண்ணத்தைத்தான் அது கொடுத்தது.

மலைப் பள்ளியில் இருந்து எழுதினால்?

இப்போது கல்வராயன்மலைக்கு வருவோம். இங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஒரு ஆசிரியை, வெளிநாட்டில் கல்வியியல் முதுநிலை படிக்க விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையில் பல குடும்பங்கள் தோட்ட வேலைக்காகக் கேரளா, கர்நாடகா என்று போய்விடும். பிள்ளைகளும் கூடவே போனால் பள்ளி நின்றுவிடும்.

“மாணவர் வருகையை அதிகரிக்கப் பாடுபட்டார்” என்று ஹெச்.எம். எழுதினால், படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. அதையே இப்படி எழுதலாம் (இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டும்):

“நான்காம் வகுப்பில் 28 பேர். போன ஆண்டு ஜனவரியில் 9 பேர் தொடர்ந்து வரவில்லை. இந்த ஆண்டு நவம்பரிலேயே, பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, யார் யார் போகக்கூடும் என்று இவர் பட்டியல் எடுத்தார். விடுதிக் காப்பாளரை அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளைகளை விடுதியில் விட்டுப் போகும்படி பேசினார். இந்த ஜனவரியில் வராதவர்கள் 3 பேர். பதிவேட்டை நானே சரிபார்த்தேன். இந்த மாற்றம் முழுக்க இவரது முயற்சியால்தான் வந்ததா, வேறு காரணமும் உண்டா என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வுப் பயிற்சி இவருக்கு இல்லை. இந்தப் படிப்பு அதைத் தரும் என்று நம்புகிறேன்.”

இந்தக் கடிதத்தில் பெயரை மாற்றி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. கடைசியில் சொன்ன குறைதான், இவருக்கு இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கான காரணமாகவும் மாறுகிறது.

‘நீயே எழுதிட்டு வாம்மா’

“நீயே எழுதிட்டு வாம்மா, நான் சைன் போட்டுத் தர்றேன்” என்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஹெச்.எம்.முக்கு நேரம் இல்லை, ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். காரணங்கள் புரிகின்றன. ஆனால் விண்ணப்பதாரரின் கட்டுரையும் கடிதமும் ஒரே சொற்களில், ஒரே நடையில் இருந்தால், பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அது சாட்சி இல்லை.

இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. ஆசிரியர் கடிதத்தை எழுத வேண்டாம். சேரப்போகும் படிப்பு, கடைசித் தேதி, தான் செய்த இரண்டு மூன்று வேலைகள், அவற்றுக்கான பதிவேடுகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுக்கட்டும். ஹெச்.எம். தான் பார்த்ததைத் தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மட்டும் உதவி கேட்கலாம். இதை ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. காமன்வெல்த் உதவித்தொகை போன்றவற்றில் கடிதம் ஏற்றுவதற்கான இணைப்பு பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே போகும். மலையில் சிக்னல் கிடைக்காத நாளில், ஸ்பாம் பெட்டியில் கிடக்கும் அந்த மெயிலை யாரும் கவனிக்காமல் விட்டால், எவ்வளவு நல்ல கடிதமாக இருந்தாலும் உரிய நேரத்தில் போய்ச் சேராது.

இன்னொன்று: அரசுப் பணியில் இருப்பவருக்குத் துறையின் தடையின்மைச் சான்றும் விடுப்பு அனுமதியும் தனியாக வேண்டும். ஹெச்.எம். கடிதம் அதற்கு ஈடாகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால், உதவித்தொகை கிடைத்த பிறகும் கிளம்ப முடியாமல் போகலாம்.

எழுதத் தயங்கும் கை

வெளிப்படையாகப் பேசாத ஒரு தயக்கமும் உண்டு. மலைப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் படிக்கப் போனால், அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? எப்போது வருவார்கள்? நாளைக் காலை அந்த வகுப்பை யார் பார்ப்பது என்று ஹெச்.எம். யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது துறை: மாற்று ஆசிரியர் தர வேண்டும், படித்துத் திரும்புபவருக்கு இடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பிரச்சினையை ஒரு வெற்றுக் கடிதத்தால் தீர்த்துக்கொள்வது சரியில்லை. மனசு இல்லாவிட்டால், “வேறு ஒருவரிடம் கேளும்மா” என்று முன்பே சொல்லிவிடலாம். நேரம் இருக்கும்போது சொன்னால், அந்த ஆசிரியை தன் வேலையை நேரில் பார்த்த இன்னொருவரைத் தேடிக்கொள்வார். ‘கடின உழைப்பாளி’ என்று கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த வழியும் அவருக்கு அடைபட்டுவிடும்.